மெழுகு எங்கே போயிற்று?

அன்புள்ள ஐயா,

அருங்காட்சியகக் கண்காட்சி ஒன்றுக்காக, மெழுகு வார்ப்பு முறையில் வெண்கலச் சிலை செய்வதை விளக்கும் மூன்று நிமிடக் காணொளிக்கு உரை எழுதி இணைத்திருக்கிறேன். சோதனையாகத் திரையிட்டபோது பெரியவர்கள் நின்று பார்த்தார்கள். குழந்தைகள் பாதியிலேயே அடுத்த அறைக்கு ஓடிவிட்டார்கள். எதைக் குறைப்பது?

ர.

அன்புள்ள ர.,

முதல் 40 நொடிகளை எடுத்துவிடுங்கள். கலையின் தொன்மையைக் குரல் சொல்லிக்கொண்டே போகிறது, திரையில் முடிந்த சிலை அசையாமல் நிற்கிறது. அந்தச் சிலைதான் பக்கத்துக் கண்ணாடிப் பேழையிலேயே இருக்கிறதே! மெழுகைப் பிசையும் கைகளில் தொடங்குங்கள்.

அதைவிடப் பெரிய குறை நடுவில் இருக்கிறது. "பின்னர் அச்சு சூடாக்கப்பட்டு மெழுகு வெளியேற்றப்படுகிறது" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இந்தத் தொழிலின் விந்தையே அந்த வரிக்குள்தான் இருக்கிறது. நாள்கணக்கில் செதுக்கிய மெழுகுச் சிலையை மண்ணால் மூடி, காயவைத்து, அதை உருக்கி ஒழுகவிடுகிறார்கள். எந்தக் குழந்தையும் "ஐயோ, ஏன்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு முழுதாக ஒரு நிமிடம் கொடுங்கள். நான் இப்படி எழுதுவேன்:

படம்: மண் அச்சின் துளையிலிருந்து மெழுகு சொட்டுகிறது.
குரல்: உள்ளே இருந்த மெழுகுச் சிலை உருகி வெளியே வந்துவிட்டது. மண்ணுக்குள் இப்போது என்ன இருக்கிறது?
(ஐந்து நொடி மௌனம்)
படம்: அச்சைக் குறுக்கே வெட்டிக் காட்டும் கோட்டோவியம்.
குரல்: சிலை இருந்த இடம் மட்டும். மூக்கு இருந்த இடத்தில் மூக்களவு பள்ளம்.

அந்த மௌனத்தை வெட்டிவிடாதீர்கள். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக் கேட்டுக்கொள்ளும் நேரம் அது. கோட்டோவியமும் கட்டாயம் வேண்டும். மூடிய அச்சின் உட்புறத்தை எந்தக் கேமராவாலும் படம்பிடிக்க முடியாது. கண்ணுக்குத் தெரிவதைத் திரை காட்டட்டும், தெரியாததை மட்டும் குரல் சொல்லட்டும்.

அடுத்து உலோகம். ஒரே அளவு இடத்தை நிரப்பும் வெண்கலம், மெழுகைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு எடை இருக்கும். 200 கிராம் மெழுகையும் 1.8 கிலோ சிலையையும் தராசில் வைத்துக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது.

ஊற்றும் காட்சியில் ஒன்று விடுபட்டிருக்கிறது. உலோகம் இறங்கும் வழி ஒன்று என்றால், உள்ளிருக்கும் காற்று வெளியேற வேறு வழி வேண்டும். காற்று எங்காவது சிக்கிக்கொண்டால் அங்கே உலோகம் நிரம்பாது. சிலைக்கு ஒரு விரல் குறையும். அப்படிக் கெட்டுப்போன வார்ப்பு ஒன்றைக் கைவினைஞரிடம் கேட்டு வாங்கிப் படமெடுங்கள். அதைக் கண்டதும் குழந்தைகள் திரைக்கு அருகில் வருவார்கள்.

காணொளி சுழன்று ஓடுவதால் பாதிப் பேர் நடுவில்தான் வந்து சேருவார்கள். ஆகவே மெழுகுச் சிலையின் சிறு படம் ஒன்று திரை ஓரத்தில் எப்போதும் இருக்கட்டும். உருகும் காட்சியில் அதுவும் மறையட்டும்.

உங்கள் முடிவுரை வேண்டாம். அச்சை உடைக்கும் சுத்தியல் ஓசையும், மண் உதிர்ந்து வெளிப்படும் கறுத்த முகமும் போதும்.