ஒரே வெல்டிங், ஏன் இரண்டு சம்பளம்?

சார், உங்கள் பையன் ஐடிஐயில் ஒரு வருட வெல்டர் படிப்பு முடித்துவிட்டு கேட், கிரில் பட்டறையில் தினக்கூலிக்குப் போகிறான், கூடப் படித்த பையன் பாய்லர் வேலைக்குப் போய் மூன்று நான்கு மடங்கு வாங்குகிறான், இதில் சிபாரிசு ஏதும் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். சிபாரிசில் அந்தச் சம்பளம் வராது. இரண்டு பேரும் வெல்டர்தான், ஆனால் செய்வது வேறு வேறு வேலை.

அந்தப் பையன் செய்வது 6ஜி பைப் வெல்டிங். குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள், திருப்பக் கூடாது. ஒரே ஜாயிண்டைச் சுற்றி வருவதற்குள் தலைக்கு மேலே, பக்கவாட்டில், கீழே என்று எல்லா நிலையிலும் கை பேச வேண்டும். முதல் சுற்றான ரூட்டை டிக் வெல்டிங்கில், ஆர்கான் வாயு ஓட ஓடப் போட வேண்டும், அது குழாயின் உள்பக்கம் ஒரே சீராக இறங்கியிருக்க வேண்டும், வெளியே நிற்பவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அப்புறம் எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே உருகாமல் விட்ட இடம், காற்றுக் குமிழி எல்லாம் பிலிமில் வந்துவிடும். கேட்டில் இப்படி ஒரு குறை இருந்தால் கிரைண்டர் போட்டு பெயின்ட் அடித்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

பாய்லரில் என்ன ஆகும் என்று பாருங்கள். அனல் மின் நிலையங்களில் பி-91 என்ற உலோகக் கலவைக் குழாய் போடுகிறார்கள். அதை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி வைத்துக்கொண்டுதான் பற்ற வைக்கவே முடியும், முடித்த பிறகு ஏறக்குறைய 760 டிகிரியில் மணிக்கணக்காக வைத்து மெல்ல ஆற விட வேண்டும். எக்ஸ்ரேயில் ஒரு ஜாயிண்ட் அடிபட்டால் கெட்ட இடத்தைத் தோண்டி எடுத்து, திரும்பச் சூடாக்கி, பற்ற வைத்து, திரும்ப எக்ஸ்ரே, திரும்ப அந்த 760 டிகிரி. இதற்குள் அடுத்த வேலைக்காரர்கள் சும்மா நிற்பார்கள். ஆகவே முதலாளி கொடுக்கும் கூடுதல் சம்பளம், பெரும்பாலும் நடக்காமல் போகும் இந்த நஷ்டத்துக்கான விலைதான், கேட் பட்டறையில் அப்படி மிச்சப்படுத்த எதுவும் இல்லை.

சரி, இவ்வளவு கிராக்கி என்றால் எல்லோரும் ஏன் கற்றுக்கொள்வதில்லை? பழகுவதற்கான செலவுதான் காரணம். ஒவ்வொரு பயிற்சி ஜாயிண்டுக்கும் குழாயை வெட்ட வேண்டும், விளிம்பைச் சாய்வாகச் சீவ வேண்டும், ஆர்கான் சிலிண்டர், பில்லர் கம்பி, ராடு எல்லாம் கரையும், போட்ட ஜாயிண்ட் பழைய இரும்புக்குத்தான் போகும். சாதாரண ஐடிஐ பேட்சில் ஒரு பையனுக்கு அத்தனை குழாய் கிடைக்காது. கை படிய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வருமானம் இல்லாமல் வீடு தாங்க வேண்டும். அப்படியும் சிலருக்கு ரூட் நிற்பதே இல்லை. இந்த வடிகட்டலில் தேறி வருகிறவர்கள் குறைவு என்பதால்தான் திருச்சி பெல் சுற்றுவட்டாரப் பட்டறைகளில் பழகியவர்களுக்கு வெளியூரிலும் வளைகுடாவிலும் மதிப்பு இருக்கிறது.

ஆபத்துக்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்பார்கள், அதில் பாதிதான் உண்மை. ஆபத்து உண்டு: அடைத்த இடத்தில் ஆர்கான் தங்கினால் ஆக்சிஜன் குறைந்து, மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராமல் ஆள் மயங்கி விழுவார், வெல்டிங் புகையை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் புற்றுநோய் தரும் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் ஆபத்து மட்டுமே சம்பளத்தைக் கூட்டும் என்றால் சாக்கடையில் இறங்குகிறவருக்கும் பட்டாசு மருந்து கலக்குகிறவருக்கும் லட்சங்கள் கிடைத்திருக்க வேண்டும். அவர் மறுத்தால் வறுமையில் இருக்கும் இன்னொருவரை மறுநாளே கூட்டி வந்துவிடுகிறார்கள், அதனால் அந்த உயிருக்கு விலை ஏறுவதில்லை, இது பெரிய அநியாயம். மறுத்தால் மாற்று ஆள் கிடைக்காது என்ற இடத்தில்தான் ஆபத்துக்குப் பணம் வரும்.

இன்னொரு ரிஸ்க் வருமானத்தில் இருக்கிறது. ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் ஷட்டவுன் வேலை முடிந்தால் அடுத்த அழைப்பு வரும்வரை வீட்டில்தான். பாய்லர் வேலைக்குப் பின்பற்றும் அமெரிக்க ஏஎஸ்எம்ஈ விதிப்படி ஒரு வெல்டிங் முறையில் ஆறு மாதம் பற்ற வைக்காமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதி, புது கம்பெனி என்றாலும் பெரும்பாலும் புதிதாக டெஸ்ட் பீஸ் போட்டுத்தான் காட்ட வேண்டும். பயிற்சி மையத்துச் சான்றிதழ் கம்பெனி வாசல் வரைக்கும்தான் கூட்டிப்போகும்.

அதனால் பையனை 6ஜி பயிற்சியில் சேர்ப்பதானால், பணம் கட்டும் முன் அந்த மையத்துக்கு நேரில் போய், ஒரு பையனுக்கு வாரத்துக்கு எத்தனை பைப் ஜாயிண்ட் போடக் கொடுக்கிறீர்கள், அதற்கு எக்ஸ்ரே எடுத்து பிலிமை அவனிடம் காட்டுவீர்களா என்று கேளுங்கள். தகடிலேயே பழக்கி 6ஜி சான்றிதழ் தருகிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முதலில் பையனைத் தகடில் தலைக்கு மேல் நிலை வரை போடச் சொல்லுங்கள், அது சுத்தமாக வந்த பிறகு குழாய்க்குச் செலவழிக்கலாம்.