விவரம் கேட்டுக்கொண்டே இருப்பவரிடம் முடிவு வாங்குவது

"பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஒரு வாடிக்கையாளரிடம் எங்கள் விலையைச் சொல்லி ஆறு வாரம் ஆகிறது. மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. இப்போது நான்காவது முறையாக விவரம் கேட்கிறார். அனுப்பலாமா?"

உடனே அனுப்பாதீர்கள். முதலில் இதைக் கேளுங்கள்: "இந்த விவரம் திருப்தியாக இருந்தால் அடுத்து என்ன நடக்கும்? யார், எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வார்கள்?" பதில் கிடைத்த பிறகு அனுப்புங்கள்.

பெரும்பாலும் அவருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் இருக்காது. அதைச் சொல்லக் கூசி, விவரம் கேட்டு நாளைக் கடத்துவார். அவரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம். மேலே இருப்பவரிடம் எடுத்துச்செல்ல ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுத்தாலே பல நேரம் வழி திறந்துவிடும்.

சோதித்துப் பார்க்க, அவர் கேட்ட நான்கையும் வரிசையாக எழுதுங்கள். விலைப் பிரிப்பு, பணிநேரம், ஒப்பந்த விலகல் விதி என்று கேள்விகள் குறுகிக்கொண்டே வந்தால் அவர் உண்மையாகவே பரிசீலிக்கிறார். முன்பே அனுப்பியதை வேறு வடிவத்தில் கேட்டால் அது இழுத்தடிப்பு. அப்போது இப்படி எழுதுங்கள்: "இந்த விலை 30ஆம் தேதி வரை செல்லும். அதன்பின் எங்கள் ஆட்களை வேறு பணிக்கு ஒதுக்குவோம். இப்போது வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், வருத்தமில்லை." மறுக்க வழி விட்டால்தான் மௌனம் கலையும்.

ஆனால் அந்தத் தேதி உண்மையாக இருக்க வேண்டும். 31ஆம் தேதியும் அதே விலைக்குக் கொடுத்தால், இனி நீங்கள் சொல்லும் எந்தக் கெடுவையும் அவர் நம்பமாட்டார். ஒப்பந்தம் இல்லாமலேயே அவருக்கு இப்போது வேலை செய்துகொடுக்கிறீர்களா? அப்படியானால் தாமதம் அவருக்கு லாபம். அதை நிறுத்தாமல் எந்தக் கடிதமும் பலிக்காது.