வேலியில்லாத கட்டடத் தளத்தில் விழுந்த சிறுவன்: எப்படி எழுதுவது?

"இங்கிலாந்து தீங்கியல் சட்டத் தேர்வு, 30 நிமிடம். வேலியில்லாத கட்டடத் தளத்தில் விளையாட நுழைந்த 9 வயதுச் சிறுவன், மெல்லிய பலகையால் மூடிய குழியில் விழுந்து கால் முறிந்தது, போனும் உடைந்தது. ஒப்பந்ததாரர் பொறுப்பா?"

அனுமதியில்லாமல் நுழைந்தவன் என்பதால் இடத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின் பொறுப்பைச் சொல்லும் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு (Occupiers' Liability Act) நேராகப் போங்கள். தளம் ஒப்பந்ததாரரின் கட்டுப்பாட்டில் இருப்பதை ஒரே வரியில் முடித்துவிடலாம்.

பலரும் தவறவிடுவது அடுத்த படி: ஆபத்து இடத்தின் நிலையிலிருந்து வந்ததா, சிறுவன் செய்த செயலிலிருந்தா? கியோன் வழக்கில் (2006) 11 வயதுச் சிறுவன் தீயணைப்புப் படிக்கட்டின் வெளிப்புறமாக ஏறி விழுந்தான். படிக்கட்டில் குறையில்லை, ஏறினால் ஆபத்து என்பதும் அவனுக்குத் தெரியும், தோற்றான். இங்கே குழி மறைந்திருக்கிறது. உங்கள் சிறுவன் அந்தத் தடையைத் தாண்டிவிடுவான்.

பிறகு பிரிவு 1(3)-இன் மூன்று கேள்விகள். குழி ஒப்பந்ததாரருக்குத் தெரியும்; பலகை போட்டதே அவர்தான். சிறுவர்கள் வரக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்ததா? உங்கள் நேரத்தை இங்கே செலவிடுங்கள். வேலியில்லை என்பது மட்டும் போதாது. பக்கத்தில் பள்ளி, காலடித் தடம், முந்தைய புகார் என வினாவில் உள்ள தகவலைத் தேடுங்கள். மூன்றாவது, பாதுகாப்பு தருவது நியாயமான எதிர்பார்ப்பா? குழியின் மேல் உறுதியான மூடியை ஆணியடிக்க ஆகும் செலவு அற்பம்.

எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் 9 வயதுக்காரனுக்கு அது போதுமா என்று கேளுங்கள். காலுக்கு இழப்பீடு கிடைக்கலாம். போனுக்கு இல்லை, பிரிவு 1(8) சொத்துச் சேதத்தை விலக்குகிறது.