எதிராளியின் வீடியோவில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை பேட்மின்டன் ஒற்றையர் அரையிறுதி. எதிராளி ஆடிய இரண்டு ஆட்டங்களின் வீடியோ கிடைத்திருக்கிறது. மூன்று பழக்கங்களை மட்டும் கண்டுபிடித்துப் பயிற்சி செய் என்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் வலது கைக்காரரா, இடது கைக்காரரா? நான் இடது கைக்காரன். அதை மறந்ததால்தான் பெங்களூரில் ஓர் அரையிறுதியை இழந்தேன்.

அல்சூரில் எங்களோடு ஆடும் தம்பி ஒருவன் எனக்காக எதிராளியின் ஆட்டத்தைப் படம்பிடித்துத் தந்தான். கோர்ட்டின் பின்புறம், உயரத்தில் போனை வைத்து எடுத்திருந்தான். நீங்களும் அப்படியே எடுங்கள், பக்கவாட்டில் எடுத்தால் ஷட்டில் எந்தப் பக்கம் போனது என்பது தெரியாது. இரண்டு இரவுகள் உட்கார்ந்து, அவர் எந்த மூலையிலிருந்து எங்கே அடிக்கிறார் என்று கோடு போட்டு எண்ணினேன். மூன்று பழக்கங்கள் தேறின. போர்ஹேண்ட் பின்மூலையில் உயரமாகக் கிடைத்தால் நேர்கோட்டில் ஸ்மாஷ். பேக்ஹேண்ட் பின்மூலைக்குத் தள்ளப்பட்டால் நேராக ஒரு டிராப். குட்டை சர்வீஸ் போட்டால் எதிராளியின் இடப்பக்கப் பின்மூலைக்கு வேகமாக ஒரு தள்ளு.

ஐந்து நாள் இவற்றுக்கே பயிற்சி எடுத்தேன். முதல் கேமில் 11-4 என்று பின்தங்கினேன். ஸ்மாஷ்கள் எல்லாம் குறுக்காக, என் வலப்பக்கம் வந்தன. இடைவேளையில் தம்பி சொன்னான்: "அண்ணா, அவர் கோட்டைப் பார்த்து அடிக்கவில்லை, எதிராளியின் பேக்ஹேண்டைப் பார்த்து அடிக்கிறார்." வீடியோவில் அவரோடு ஆடியவர்கள் வலது கைக்காரர்கள். அவருடைய நேர்கோட்டு ஸ்மாஷ் அவர்களுக்குப் பேக்ஹேண்டில் போய் விழும். எனக்கு அது போர்ஹேண்ட். சர்வீஸ் பதிலும் அப்படியே பக்கம் மாறியிருந்தது.

மாறாதது அந்த டிராப் மட்டும்தான். பேக்ஹேண்டிலிருந்து குறுக்கே ஆழமாக அடிக்க அவருக்கு வலு இல்லை. எதிரே யார் நின்றாலும் அதே பந்துதான் வரும். அரை அடி வலப்பக்கம் தள்ளி நின்றுகொண்டு, முடிந்த போதெல்லாம் அந்த மூலைக்கே தூக்கிப் போட்டு, டிராப்புக்கு முன்னே ஓடினேன். முதல் கேம் போய்விட்டது. இரண்டாவது கேம் என்னுடையது. மூன்றாவதில் 21-18 என்று தோற்றேன். உடல் தகுதி போதாமல் தோற்றதற்கு வீடியோவைக் காரணம் காட்டுகிறான் என்று யாராவது சொல்வார்கள். எட்டு மணிக்கு வரச்சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்குத் தொடங்கிய அமைப்பாளர்களை அவர்கள் முதலில் கேட்கட்டும். உட்கார ஒரு நாற்காலி கிடையாது, உடம்பு சூடேற்ற இடம் கிடையாது. நுழைவுக் கட்டணம் மட்டும் முன்கூட்டியே வேண்டும்.

ஆகவே உங்கள் தாளில் 'நேர்', 'குறுக்கு' என்று எழுதாதீர்கள். 'எதிராளியின் பேக்ஹேண்டுக்கு', 'போர்ஹேண்டுக்கு' என்று எழுதுங்கள். மூன்றில் ஒன்றாவது அவரால் வேறு விதமாக அடிக்க முடியாததாக இருக்கட்டும். அவர் ஜெயித்த புள்ளிகளை மட்டும் எண்ணாமல், தோற்ற புள்ளிகளையும் சேர்த்து எண்ணுங்கள். நெருக்கடியில் எந்த அடியில் தஞ்சம் புகுகிறார் என்பது அங்கேதான் தெரியும்.