ரோமா மொழியின் எண்கள் சொல்லும் வழி

"ஐரோப்பாவில் சிதறி வாழும் ரோமா மக்களில் ஜெர்மனியின் சிந்தி, ருமேனியாவின் கல்தெராஷ், பின்லாந்தின் காலே எல்லாரும் ஒரே இனமா? அவர்களே எழுதிவைத்த வரலாறு இல்லையே?"

மதமும் தொழிலும் வேறுபட்டாலும், அவர்களுடைய பேச்சு வழக்குகளின் அடிப்படைச் சொற்கள் ஒன்றே. வகைப்பாட்டுக்கு அதுதான் பெரிய பலம்.

1782இல் ரூடிகர் என்ற ஜெர்மன் அறிஞர் ஒரு ரோமா பெண்ணிடம் சில வாக்கியங்களை மொழிபெயர்க்கச் சொல்லி, இந்துஸ்தானியோடு ஒப்பிட்டு ஒற்றுமையைக் காட்டினார். அதற்கு உதவிய இந்துஸ்தானி இலக்கணத்தை எழுதியவர், நம் தரங்கம்பாடியில் பணியாற்றிய பெஞ்சமின் ஷுல்ட்சே.

எண்களைப் பாருங்கள்: யேக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச், பத்துக்கு தேஷ். இந்தி தெரிந்தவருக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் எஃப்தா, ஒக்தோ, என்யா என்று கிரேக்கத்தில் இருக்கும். கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசில் நெடுங்காலம் தங்கியதன் தடம் அது. தூரதூரத்து வழக்குகளிலும் இதே கலவை இருப்பதால், ஐரோப்பாவில் சிதறியது அதற்கு அப்புறம்தான். இந்தியாவிலிருந்து கிளம்பிய ஆண்டையோ காரணத்தையோ மட்டும் மொழி சொல்லாது.