வள்ளமும் வத்தையும்

ஐயா, மேலாண்மை படிக்கும் என் தங்கை, மண்டபத்து நண்டு பதப்படுத்தும் கூடங்களைப் பற்றி எழுதிய கட்டுரை வரம்பைவிட 300 சொற்கள் மிகுந்துவிட்டது. பொருள் மாறாமல் குறைக்கும் பொறுப்பு எனக்கு. அலங்காரத் தொடர்களை எடுத்துவிட்டு, இணையாக வந்த சொற்களில் ஒவ்வொன்றை நீக்கிவிட்டேன். சரிதானா? ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் சுருக்கமாக வந்திருக்குமோ?
— வாசகர், கீழக்கரை

அன்புள்ள தம்பி,

எந்த மொழியில் எழுதினாலும் ஊதியது ஊதியதுதான்; ஆங்கிலத்தை விடுங்கள்.

"இன்றைய காலகட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தைப் பொறுத்தவரையில் பெரும்பாலான கூடங்களுக்கு நண்டு வரத்தானது குறைந்து காணப்படுகின்றது என்பது குறிப்பிடத்தக்கதாகும்" என்பதை, "தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 – ஜூன் 14) கூடங்களுக்கு நண்டு வரத்து குறைகிறது" என்று ஆக்கியிருக்கிறீர்கள். நல்ல கை. ஆனால் "பெரும்பாலான" எங்கே போயிற்று? அந்த மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தான்; நாட்டுப்படகு நண்டை வாங்கும் கூடத்துக்கு வரத்து குறையாமலும் இருக்கலாம். அந்தச் சொல் போனதும், தங்கை சொல்லாத ஒன்று அவள் பெயரில் ஏறிவிட்டது.

இணைச்சொற்களில்தான் எனக்குக் கோபம் வந்தது. "செலவுகள் மற்றும் செலவினங்கள்" என்பதில் ஒன்று போனால் நட்டமில்லை. "வினைத்திறனும் விளைதிறனும்" என்பதில் விளைதிறனை ஏன் எடுத்தீர்கள்? ஒரு கிலோ நண்டுக்குச் செலவாகும் ஐஸைக் குறைப்பது வினைத்திறன். நண்டு கெடாமல் வாங்குபவரிடம் சேர்வது விளைதிறன். ஐஸைப் பாதியாக்கிவிட்டு நண்டையும் நாற விடலாம் அல்லவா? ஒன்று கூடும்போது மற்றது குறையக்கூடும் என்றால் அவை இரண்டு பொருள்கள். அப்படி ஒரு நிலையை எவ்வளவு யோசித்தும் காண முடியாவிட்டால் மட்டும் ஒன்றை நீக்குங்கள்.

நானும் இதைச் செய்தவன்தான். பாம்பன் பக்கம் மனு எழுதிக்கொடுத்துத் திரிந்த இருபது வயதில், புயலுக்குப் பிறகு ஒரு பெரியவர் "வள்ளமும் வத்தையும் போச்சுன்னு எழுதுப்பா" என்றார். எதுகை மோனைக்காகச் சொல்கிறார் என்று நினைத்து, என் தமிழ்ப் புலமையால் "வள்ளம் சேதமடைந்தது" என்று செதுக்கினேன். வள்ளம் பெரியது, வத்தை சிறியது. அவரிடம் இரண்டும் இருந்தன. வள்ளத்துக்கு மட்டுமே நிவாரணம் வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அடுத்த மனுவை வேறொருவரிடம் எழுதிக்கொண்டார். கடற்கரையில் பிறந்தவனுக்கே இந்தக் கதி என்றால், மேலாண்மை படிக்காத நீங்கள் அந்தப் பாடத்தின் சொற்களில் இவ்வளவு துணிந்து கை வைக்கலாமா?

மூன்றாம் பத்தியில் "குறிக்கோள்களும் இலக்குகளும்" என்றிருந்ததில் இலக்கை அடித்திருக்கிறீர்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இத்தனை கிலோ, இத்தனை மாதத்துக்குள் என்று கணக்கோடு அவள் இலக்கைப் பேசியிருந்தால் அச்சொல் இங்கேயும் வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அடித்தது சரி. முழுக் கட்டுரையும் என்னிடம் இல்லை, தம்பி. அவளை அருகில் உட்காரவைத்துக் கேளுங்கள்.