விலையேற்றக் கடிதத்துக்குச் சமரசப் பதில்: முதலில் மூடியைத் தராசில் வையுங்கள்

கேள்வி: எங்களுக்கு பிளாஸ்டிக் மூடி சப்ளை செய்பவர், பாலிப்ரொப்பிலீன் 18 சதவீதம் ஏறிவிட்டது, அடுத்த மாதம் முதல் 12 சதவீதம் கூட்டித் தாருங்கள் என்று மெயில் போட்டிருக்கிறார். மறுத்தால் சரக்கு நின்றுவிடும் என்று பயம். ஒப்புக்கொண்டால் மேலிடத்தில் திட்டு விழும். நடுவில் ஒரு வழி சொல்லி எப்படிப் பதில் எழுதுவது?

பதில்: 12 கேட்டிருக்கிறார், 6 தருகிறேன் என்று பாதிக்குப் பாதி பேசாதீர்கள். பெரும்பாலானோர் அதைத்தான் செய்கிறார்கள். அடுத்த முறை அவர் 20 கேட்பார், நீங்கள் 10 கொடுப்பீர்கள். நடுவழி என்பது கணக்கிலிருந்து வரவேண்டும்.

ஏறியது மூடி வார்க்கும் பாலிப்ரொப்பிலீன் குருணையின் விலை, மூடியின் விலை அல்ல. மூடியின் விலையில் குருணை ஒரு பங்குதான். மீதி மெஷின் ஓடும் நேரம், மின்சாரம், கூலி, பேக்கிங், லாபம். இந்தப் பங்கு எவ்வளவு என்று சப்ளையரைக் கேட்பதற்கு முன் நீங்களே பாருங்கள். நூறு மூடிகளைத் தராசில் வைத்து எடை எடுங்கள். ஓட்டத்தில் வீணாவதற்கு மூன்று சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். மோல்டில் கூடவே வரும் தண்டுத் துண்டுகளை அரைத்து மறுபடி போட்டுவிடுவார்கள், அதற்குத் தனியாக எடை சேர்க்க வேண்டாம். வந்த எடையைக் கடைசியாக விலை பேசிய மாதத்தின் கிலோ விலையால் பெருக்குங்கள். நூறு மூடியின் விலை 100 என்றால், குருணைக்கு 45 வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

18 சதவீத ஏற்றம் உண்மையென்றே கொண்டாலும், 45-இல் 18 சதவீதம் 8.10 தான். மூடி விலை 12 ஏற வேண்டுமானால் குருணை கிட்டத்தட்ட 27 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். மின்சாரமும் கூலியும் ஏறிவிட்டன என்பாரானால், அதைத் தனியாக, ஆதாரத்தோடு கேட்கட்டும். குருணையின் முதுகில் ஏற்றிக் கொண்டுவரக் கூடாது.

அடுத்தது, எந்த மாதத்திலிருந்து ஏறியது? இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சப்ளையர் விலை அடிமட்டத்தில் கிடந்த மாதத்தைப் பிடித்துக்கொண்டு 18 என்பார். நீங்கள் கடைசியாக விலை பேசி முடித்த மாதத்திலிருந்து எண்ணிப் பார்த்தால் 14 தான் இருக்கும். நடுவில் விலை இறங்கியபோது அவர் உங்களுக்குக் குறைத்துத் தந்தாரா? இல்லையே. அப்படியானால் அந்தப் பள்ளத்திலிருந்து ஏறியதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. கடைசியாக விலை பேசிய மாதம், இப்போதைய மாதம் இரண்டுக்கும் குருணைத் தயாரிப்பாளர் வெளியிட்ட விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 45-இல் 14 சதவீதம் 6.30. நியாயமான எண் இதுதான்.

உங்கள் சப்ளையர் மூடித் தயாரிப்பாளர் அல்ல, நடுவில் நிற்கும் ஏஜென்ட் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஏஜென்ட்டின் கமிஷன் பெரும்பாலும் மொத்த விலையில் சதவீதமாக இருப்பதால், விலை ஏறினால் அவருக்கும் கொண்டாட்டம். தயாரிப்பாளர் 5 கேட்ட கடிதத்தை 9 ஆக்கித் தன் லெட்டர்பேடில் அனுப்பிய ஏஜென்ட்டை நானே பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியவர எட்டு மாதம் ஆனது. தயாரிப்பாளரின் மூலக் கடிதம் வராமல் ஒரு சதவீதம்கூடப் பேசாதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் இன்ன தேதி வரை விலை மாறாது என்று எழுதியிருந்தால், சமரச மெயிலை எழுதவே எழுதாதீர்கள். எழுதிய கணத்தில், மாறாத விலையை நீங்களே பேச்சுக்குத் திறந்துவிட்டதாக ஆகிவிடும். முதல் பதிலில் அந்த விதியைச் சுட்டி, அந்தத் தேதி வரை பழைய விலை தொடரும் என்று மட்டும் எழுதுங்கள். அதற்குப் பிறகும் அவர் உண்மையாகவே நஷ்டத்தில் ஓடுகிறார், சரக்கு நின்றால் உங்கள் லைனும் நின்றுவிடும் என்று தெரிந்தால், ஒப்பந்த உரிமை அப்படியே இருக்கிறது, இது குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் தரும் தனி உதவித்தொகை என்று எழுதிக் கொடுக்கலாம். தொகையைத் தனி வரியாகக் காட்டுங்கள், விலைக்குள் கலக்காதீர்கள். விலைக்குள் போனது திரும்ப வராது.

அப்படி ஒப்பந்தம் இல்லையென்றால் சமரசத்துக்கு வருவோம். 6.30 நியாயம் என்றாலும் முழுவதையும் விலையில் தரவேண்டாம். குருணை வாங்க அவருக்குக் கைக்காசு வேண்டும், நீங்களோ 60 நாள் கழித்துப் பணம் தருகிறீர்கள். அதை 30 நாளாக்குங்கள். அவர் ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குபவர் என்றால், 30 நாள் முன்னதாக வரும் பணம் அவருக்கு ஒரு சதவீதத்துக்குச் சமம். ஆகவே விலையில் 5 கூட்டி, பணத்தைச் சீக்கிரம் கொடுத்தால், அவருக்குக் கிட்டத்தட்ட 6 கிடைத்த மாதிரி. இதை எழுதுவதற்கு முன் உங்கள் கணக்குப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 30 நாள் என்று சொல்லிவிட்டு 50-ஆம் நாள் கொடுத்தால் அடுத்த பேச்சில் உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

மெயில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் ஐயா,

உங்கள் விலை உயர்வுக் கோரிக்கையைப் பார்த்தோம். குருணை விலை ஏறியிருப்பதை ஏற்கிறோம். நாம் கடைசியாக விலை பேசிய மாதத்திலிருந்து கணக்கிட்டால் ஏற்றம் 14 சதவீதம். மூடி விலையில் குருணையின் பங்கு 45 சதவீதம் என்பது எங்கள் கணக்கு. இதில் மாற்றுக் கருத்து இருந்தால் எடை விவரத்தோடு தெரிவிக்கவும்.

எங்கள் யோசனை: நூறு மூடியின் விலை 100-இலிருந்து 105. வரும் 1-ஆம் தேதிக்குப் பிறகு கொடுக்கும் ஆர்டர்களுக்கு மட்டும் இது பொருந்தும். கையில் உள்ள ஆர்டர்கள் பழைய விலையிலேயே வரவேண்டும். பணம் 60 நாளுக்குப் பதில் 30 நாளில் தருகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலைப்பட்டியலைச் சேர்ந்து பார்ப்போம். குருணை 5 சதவீதத்துக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும், குருணைப் பங்கில் மட்டும் அதே அளவு மாற்றுவோம்.

இது யோசனை மட்டுமே. திருத்திய பர்ச்சேஸ் ஆர்டர் எழுத்தில் வரும்வரை பழைய விலை தொடரும். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்."

"இறங்கினாலும்" என்ற சொல்லை எக்காரணம் கொண்டும் எடுக்கவிடாதீர்கள். ஏறும்போது சூத்திரம், இறங்கும்போது மௌனம் என்பதுதான் இந்தத் தொழிலின் பழைய நோய். மெயிலின் கடைசிப் பத்தியும் அப்படித்தான். "கொள்கையளவில் ஒப்புக்கொள்கிறோம்" என்று மரியாதைக்கு எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மறுநாளே புதிய விலையில் பில் போடுபவர்கள் உண்டு.

மெயிலை இன்றே அனுப்புங்கள். நம் நிறுவனங்களில் ஒரு பதிலுக்கு நான்கு பேர் ஒப்புதல் தர மூன்று வாரம் ஆகிறது. அந்த மூன்று வாரமும் சப்ளையர் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார். அதைவிடக் கொடுமை, பர்ச்சேஸ் பிரிவு பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே கணக்குப் பிரிவு 112 விலை பில்லைப் பாஸ் செய்து பணமும் அனுப்பிவிடுவது. அதற்கப்புறம் என்ன எழுதினாலும், நீங்களே கொடுத்த விலைதானே என்பார். அதனால் மெயிலின் நகலைக் கணக்குப் பிரிவுக்கும் போட்டு, திருத்திய ஆர்டர் வரும்வரை 100-க்கு மேல் வரும் பில்லை நிறுத்திவையுங்கள் என்று தனியாக ஒரு வரி எழுதிவிடுங்கள்.